18 மாதப் பெண் குழந்தை, 74.3 செ.மீ. – "குட்டைக் குடும்பம்" என்று விட்டுவிடலாமா?

நந்தினி – 4 ஆகஸ்ட் 2023, இரவு 10:12

என் மகளுக்கு 18 மாதம் முடிந்தது. அங்கன்வாடியில் உயரம் பார்த்து 74.3 என்று எழுதி, "வயசுக்கு உயரம் கம்மி" என்றார்கள். எடை 9 கிலோ, அது வளர்ச்சி அட்டையில் பச்சையில்தான் இருக்கிறது. பார்க்கக் கொழுகொழு என்றுதான் இருப்பாள். நான் 151, கணவர் 163. மாமியார் "நம்ம குடும்பமே குட்டைதான், இதுக்குப் போய் கவலைப்படுறியா" என்கிறார். அந்த அட்டையே வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்டது என்று தம்பி சொல்கிறான். விட்டுவிடலாமா?

ரவி – 4 ஆகஸ்ட், இரவு 11:03

தம்பி சொல்வது சரி. உயரத்தில் பெரும்பகுதி மரபணு. அப்பா அம்மா உயரத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெண் என்றால் 6.5 கழித்தால் 150.5 வருகிறது. குழந்தை அதற்கேற்ற பாதையில்தான் போகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

மருதம் – 5 ஆகஸ்ட், காலை 6:40

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். குழந்தைகளை அளப்பதுதான் பாதி வேலை. அதனால் இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரே மூச்சில் முடியாது.

முதலில் அந்த அட்டை. இப்போது அங்கன்வாடியில் இருப்பது 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அதற்காக 1997-லிருந்து 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள், மொத்தம் சுமார் 8,400 பேர். இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியைச் சேர்ந்தவர்கள். தாய்ப்பால் குடித்தவர்கள், அம்மா புகை பிடிக்காதவர், வீட்டில் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் குறையில்லாதவர்கள் என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தபோது டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்ந்தன. நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசம், ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை இருந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆகவே வெள்ளைக்கார அட்டை இல்லை.

நந்தினி, எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அன்றைக்குப் படுக்க வைத்து அளந்தார்களா, நிற்க வைத்தா? அப்புறம், 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எடுத்த அளவு அட்டையில் இருக்கிறதா?

ரவி – 5 ஆகஸ்ட், காலை 9:15

டெல்லியில் பணக்கார வீடாகப் பார்த்துப் பொறுக்கினால் உயரமாகத்தானே வரும்? அது மரபணு இல்லை என்று எப்படி நிரூபணம் ஆகும்?

மருதம் – 5 ஆகஸ்ட், மதியம் 1:20

கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியர்களுக்கு இந்த அட்டை கொஞ்சம் கடுமை என்று வாதாடும் ஆய்வாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அந்த வாதம் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொரு இடத்தைப் பாருங்கள். குவாத்தமாலாவின் மாயா மக்களை "பிறவியிலேயே குட்டை இனம்" என்றுதான் உலகம் எழுதிவைத்திருந்தது. அங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது பல குடும்பங்கள் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தன. பணக்காரர்கள் இல்லை, தோட்டக் கூலிகள். அவர்களுடைய பிள்ளைகளை 2000 வாக்கில் அளந்தபோது, ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் அதே வயதுப் பிள்ளைகளைவிடச் சுமார் 10 செ.மீ. உயரம் கூடியிருந்தது. ஒரே தலைமுறைக்குள் மரபணு மாறாது. மாறியது தண்ணீர், பள்ளிச் சாப்பாடு, வைத்தியம்.

உங்கள் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நந்தினியின் 151-ம் கணவரின் 163-ம் முழுக்க மரபணு கொடுத்த அளவு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த இருவரும் இரண்டு வயதுக்குள் எத்தனை தடவை பேதியில் கிடந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பெற்றோர் உயரத்தை வைத்துப் போடும் சூத்திரம், பெற்றோர் பட்ட நஷ்டத்தையும் சேர்த்துத்தான் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறது.

நந்தினி – 5 ஆகஸ்ட், இரவு 9:48

நிற்க வைத்துத்தான் அளந்தார்கள் அக்கா. படுக்க வைக்கும் பலகை உடைந்திருக்கிறதாம். பழைய அளவு இருக்கிறது. 6 மாதம் 65, 12 மாதம் 70.4. இரண்டும் படுக்க வைத்து எடுத்தது. பிறந்தபோது 2.7 கிலோ.

மருதம் – 6 ஆகஸ்ட், காலை 7:05

இரண்டு வயது வரைக்கும் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். நிற்கும்போது முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். அட்டையிலேயே அதற்கு 0.7 செ.மீ. கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் 74.3-ஓடு அதைக் கூட்டினால் 75.0. பெண் குழந்தைக்கு 18 மாதத்தில் சிவப்புக் கோடு 74.9, அதற்குக் கீழே போனால்தான் வயதுக்கு உயரம் கம்மி என்று எழுதுவார்கள். அதாவது உங்கள் மகள் சரியாகக் கோட்டின் மேல் நிற்கிறாள்.

இதைப் படித்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே, ஒரு மில்லிமீட்டர் கீழே என்பதில் அர்த்தம் இல்லை. போன பாதையைப் பார்க்க வேண்டும். 6 மாதத்தில் நடுக்கோடு, அதாவது நன்றாக வளரும் குழந்தைகளின் நடு அளவு, 65.7, உங்கள் மகள் 65. நல்ல வளர்ச்சி, பிறந்த எடைக்கு மிக நல்ல வளர்ச்சி என்றே சொல்வேன். 12 மாதத்தில் நடுக்கோடு 74.0, அவள் 70.4. 18-ல் நடுக்கோடு 80.7, அவள் 75.0. இடைவெளி முக்கால் செ.மீ.யிலிருந்து 3.6 ஆகி, இப்போது 5.7.

குட்டையாக வளரப் பிறந்த குழந்தை இப்படிப் போகாது. அது ஒரு தாழ்ந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு அதிலேயே போகும். இவள் ஒவ்வொரு கோடாகக் கீழே இறங்கியிருக்கிறாள். இறக்கம் தொடங்கியது ஆறு மாதத்துக்கு அப்புறம். ஏழாவது மாதத்திலிருந்து என்ன நடந்தது, சொல்ல முடியுமா?

சுமதி – 6 ஆகஸ்ட், காலை 11:30

என் பையனுக்கு 14 வயது, வகுப்பில் அவன்தான் குட்டை. டிவியில் காட்டும் உயரம் கூட்டும் பவுடர் கொடுத்தால் பலன் இருக்குமா? பால் சுத்தமாகக் குடிப்பதில்லை.

மருதம் – 6 ஆகஸ்ட், மதியம் 2:10

சுமதி, நீங்கள் கேட்பது வேறு விஷயம். 14 வயதில் குரல் இன்னும் உடையவில்லை, மீசை அரும்பவில்லை என்றால், வளரும் காலமே அவனுக்கு இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அப்படித் தாமதமாக ஆரம்பிக்கிற பையன்கள் உண்டு. குழந்தை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டுங்கள், பருவ வளர்ச்சியைப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். பவுடருக்குச் செலவழிக்கும் காசில் முட்டையும் கடலையும் வாங்குங்கள்.

நந்தினி – 6 ஆகஸ்ட், இரவு 10:31

ஏழாவது மாதம் பேதி, ஒரு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு சளி அடிக்கடி. 13-வது மாதம் மறுபடி பேதி, அதில் ரத்தம் கலந்து போனது, மருந்து கொடுத்து நின்றது. 16-ல் நெஞ்சுச் சளி, மூன்று நாள் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் மாமியார் பத்தியம் வைத்துவிடுவார். முட்டை, பருப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. அரிசிக் கஞ்சியும் ரசம் சாதமும்தான். பேதி நின்ற பிறகும் "வயிறு ஆறட்டும்" என்று இரண்டு மூன்று வாரம் அதுவே ஓடும். அப்படியும் எடை ஏறிவிடுகிறதே?

மருதம் – 7 ஆகஸ்ட், காலை 6:30

எடை ஏறுவதால்தான் ஏமாந்து போகிறோம்.

ஒரு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சலோடு பேதி வந்தால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு காரியம் நடக்கிறது. பசி போகிறது. சாப்பிட்டது குடலில் ஒட்டாமல் வெளியேறுகிறது. காய்ச்சலுக்கும் எதிர்ப்புச் சக்திக்கும் உடம்பு கூடுதலாகச் செலவழிக்கிறது. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நான்காவது அதிகம் பேசப்படாதது. நோயோடு சண்டை போடும்போது ரத்தத்தில் ஓடுகிற அழற்சிப் பொருள்கள் கல்லீரலுக்குப் போய், எலும்பை வளரச் சொல்லும் ஹார்மோனின் அளவைக் குறைத்துவிடுகின்றன. வளர்ச்சி ஹார்மோன் சுரந்தாலும் கல்லீரல் அதற்குப் பதில் சொல்வதில்லை. தொடை எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு, உயரம் உண்டாகிற இடம் அதுதான், அப்படியே வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்ததும் கட்டிக்கொண்டிருக்கும் மாடியை நிறுத்திவைப்பது மாதிரி.

நோய் போனதும் பசி திரும்பும். இந்த நேரத்தில் நல்ல புரதமும் துத்தநாகமும் கிடைத்தால் அந்தத் தட்டு முன்பைவிட வேகமாக வேலை செய்து விட்ட இடத்தைப் பிடித்துவிடும். கஞ்சி மட்டும் கிடைத்தால்? கஞ்சியில் கலோரி இருக்கிறது, அதனால் எடை திரும்புகிறது. எலும்பு நீள வேண்டிய சரக்கு அதில் இல்லை. குழந்தை பழையபடி கொழுகொழு என்று ஆகிவிடும், ஒரு செ.மீ. மட்டும் காணாமல் போயிருக்கும். எடை பார்க்கிற அட்டையில் அது தெரியவே தெரியாது.

அடுத்த பேதி அதற்குள் வந்துவிட்டால் அந்தப் பிடிக்கும் காலமும் போச்சு. உங்கள் மகளுக்கு ஏழாம் மாதம் வந்ததைவிட அதற்குப் பின்னால் வந்த சளியும் கஞ்சியும் அதிகம் எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கணக்கன் – 7 ஆகஸ்ட், இரவு 8:55

மருதம் அக்கா, "நினைக்கிறேன்" என்று சொன்னதால் கேட்கிறேன். பேதி வரும் வீடுதான் சாப்பாடு குறைவான வீடும். எது எதனால் என்று எப்படிப் பிரித்தார்கள்?

மருதம் – 8 ஆகஸ்ட், காலை 7:20

பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு, நான் வேலையில் இருந்தபோது பயிற்சிக்கு வந்த ஒரு மருத்துவர் விளக்கிய நாளிலிருந்து மனதில் நிற்கிறது.

மறுபடியும் குவாத்தமாலாதான். 1969-லிருந்து 1977 வரை நான்கு கிராமங்கள். இரண்டு கிராமத்தில் தினம் இரண்டு வேளை ஆட்டோலே என்கிற கூழ் கொடுத்தார்கள். பால் பவுடரும் புரத மாவும் சர்க்கரையும் கலந்தது, ஒரு குவளையில் 11 கிராமுக்கு மேல் புரதம். மற்ற இரண்டு கிராமத்தில் ஃப்ரெஸ்கோ என்ற இனிப்புத் தண்ணீர், அதில் புரதமே இல்லை, கலோரியும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான். மருத்துவ வசதி நான்கு ஊருக்கும் ஒன்றுதான். மூன்று வயதில் அளந்தபோது கூழ் குடித்த ஊர்ப் பிள்ளைகள் சுமார் 2.5 செ.மீ. உயரம் கூடியிருந்தார்கள். தினம் நூறு கலோரிக்கு எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டபோது முதல் வயதில்தான் பலன் அதிகம், வருடத்துக்கு 9 மில்லிமீட்டர். இரண்டாம் வயதில் 5, மூன்றாம் வயதில் 4. மூன்று வயதுக்கு மேல் கொடுத்த கூழ் உயரத்தில் எதுவும் செய்யவில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் கொலம்பியாவின் பொகோட்டாவில் கிடைத்தது. கூடுதல் உணவு கிடைக்காத குழந்தைகளில், பேதி நாட்கள் கூடக் கூட நீளம் குறைந்தது. உணவு கிடைத்த குழந்தைகளுக்கும் பேதி வந்தது, ஆனால் அந்த நாட்களுக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது. நோய் வந்தும் நஷ்டம் வரவில்லை. நான் இத்தனை வருடம் தாய்மார்களிடம் சொல்லிவந்ததற்கு இதுதான் ஆதாரம். பேதியைத் தடுக்க முடியாத வீட்டில்கூட, பேதிக்குப் பின் வரும் இரண்டு வாரத்தைக் காப்பாற்ற முடியும்.

ரவி – 8 ஆகஸ்ட், காலை 10:40

சரி, மரபணு வாதத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் இப்போதுதான் பெரும்பாலான வீட்டில் கழிப்பறை வந்துவிட்டதே. நோய் குறைந்தால் உயரம் தானாகக் கூடிவிடும் இல்லையா?

மலையகத்தான் – 8 ஆகஸ்ட், இரவு 11:50

இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். இப்போது கொழும்பில் இருக்கிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்துவிட்டுத் தூங்க முடியவில்லை.

அம்மா கொழுந்து பறிக்கப் போவார், நான் பிள்ளை மடுவத்தில் கிடப்பேன். தேத்தண்ணியும் ரொட்டியும்தான் அதிகம் சாப்பிட்டது. வயிற்றோட்டம் இல்லாத மாதம் இல்லை என்று அம்மா சொல்வார். எனக்கு 158. தம்பி பிறந்தபோது அப்பா கொழும்பில் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மாதம் பணம் அனுப்ப ஆரம்பித்திருந்தார். தம்பி 167. ஒரே அப்பா, ஒரே அம்மா. சின்ன வயதில் நான் உயரத்துக்காகப் பட்ட கேலிக்கு அளவில்லை. என் 9 செ.மீ. அந்த லயத்திலேதான் போனதா?

மருதம் – 9 ஆகஸ்ட், காலை 6:15

மலையகத்தான் தம்பி, வாசித்து மனது கனத்துவிட்டது. உங்கள் ஒருவரை மட்டும் வைத்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. கூடப் பிறந்தவர்களுக்குள் 9 செ.மீ. வித்தியாசம் நன்றாகச் சாப்பிடும் வீட்டிலும் வரும். ஆனால் ஊர் அளவில் பார்த்தால் சந்தேகமே இல்லை. இலங்கையில் 2016-ல் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப் பகுதியில் மட்டும் கிட்டத்தட்ட 32. அதே நாடு, அதே தடுப்பூசி. உங்கள் அம்மாவின் உயரமும், கர்ப்பத்தில் அவர் சாப்பிட்டதும் அதில் சேரும். குட்டையான, இரத்தசோகை உள்ள தாய்க்குச் சின்னக் குழந்தை பிறக்கிறது, அது பின்தங்கியே தொடங்குகிறது.

ரவி, கழிப்பறைக்கு வருகிறேன். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று இடத்திலும் பெரிய சோதனை நடத்தினார்கள், முடிவுகள் 2018, 2019-ல் வந்தன. வீட்டுக்குக் கழிப்பறை, கை கழுவ இடம், தண்ணீருக்குக் குளோரின். வங்கதேசத்தில் பேதி நன்றாகவே குறைந்தது. உயரம் கூடவில்லை. மூன்று நாட்டிலும் கூடவில்லை. சாப்பாட்டு ஆலோசனையோடு தினம் ஒரு சின்னப் பொட்டலம் சத்துப் பசை கொடுத்த குழந்தைகள் மட்டும் கொஞ்சம் உயர்ந்தார்கள், அதுவும் கொஞ்சம்தான்.

கணக்கன் – 9 ஆகஸ்ட், காலை 9:02

அப்படியானால் தொற்று காரணமே இல்லை என்று ஆகிறதே? நீங்கள் முதலில் சொன்னதற்கு இது இடிக்கிறது.

மருதம் – 9 ஆகஸ்ட், இரவு 9:30

இடிக்கிறது என்று சொன்னது பாதி சரி. இதற்குத் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி.

ஒரு கட்சி சொல்வது: பேதி என்று வெளியே தெரிவது கொஞ்சம்தான். மண்ணில் தவழ்ந்து, கோழி எச்சத்தைத் தொட்டு வாயில் வைக்கிற குழந்தைக்குத் தினம் கிருமி போய்க்கொண்டே இருக்கிறது. பேதி வராது, ஆனால் குடலின் உட்பக்கத்தில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற மடிப்புகள் மழுங்கிப் போகும், குடல் சுவரில் கசிவு வரும். கிருமியின் துணுக்குகள் ரத்தத்துக்குள் போய், நான் சொன்ன அழற்சியை நாள் முழுக்கச் சிறு தீயாக வைத்திருக்கும். காம்பியாவில் கெனெபா என்ற கிராமத்தில் குழந்தைகளுக்கு இரண்டு விதச் சர்க்கரை கலந்த தண்ணீரைக் கொடுத்து, சிறுநீரில் எது எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள். ஒரு சர்க்கரை நல்ல குடலில் உறிஞ்சப்படும், இன்னொன்று பெரிய மூலக்கூறு, ஓட்டை இருந்தால்தான் உள்ளே போகும். அந்தக் குழந்தைகளின் வளர்ச்சித் தளர்வில் 43 சதவீதத்தை இந்தக் கசிவை வைத்தே விளக்க முடிந்தது என்று 1991-ல் எழுதினார்கள். கழிப்பறைச் சோதனைகள் தோற்றதற்குக் காரணம், அவை வீட்டு மண்ணைச் சுத்தமாக்கவே இல்லை என்பது இந்தக் கட்சியின் வாதம்.

இன்னொரு கட்சி, குடல் கெடுவதும் குட்டையாவதும் ஒரே வறுமையின் இரண்டு அடையாளம், ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று சொல்லச் சான்று போதாது என்கிறது. எனக்கு முதல் கட்சி சரி என்று படுகிறது, ஏனென்றால் பேதியே வராத, நன்றாகச் சாப்பிடுகிற, ஆனாலும் வளராத குழந்தைகளை நான் அளந்திருக்கிறேன். நான் பார்த்தது ஆய்வு ஆகாது.

சுமதி – 10 ஆகஸ்ட், மதியம் 12:15

முட்டை கொடுத்தால் வளரும் என்று சொன்னீர்களே, குழந்தைக்கு எத்தனை மாதத்திலிருந்து கொடுக்கலாம்? அக்கா மகளுக்கு 8 மாதம்.

மருதம் – 10 ஆகஸ்ட், மாலை 5:40

ஆறு மாதம் முடிந்ததும் கொடுக்கலாம். நன்றாக வெந்ததை மசித்து, கொஞ்சத்தில் ஆரம்பித்துக் கூட்டுங்கள்.

முட்டை மந்திரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈக்வடாரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டை, ஆறு மாதம் கொடுத்தபோது உயரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதையே மலாவியில் செய்து பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. மலாவிக் குழந்தைகள் ஏற்கெனவே ஏரி மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அங்கே குறை வேறு எங்கேயோ இருந்திருக்கிறது. எந்தச் சத்து குறைகிறதோ அதைக் கொடுத்தால்தான் பலன். நம் ஊரில் இட்லியும் ரசம் சாதமும் மட்டும் சாப்பிடுகிற குழந்தைக்கு முட்டை நிச்சயம் குறைகிறது.

கணக்கன் – 11 ஆகஸ்ட், இரவு 10:20

இரண்டு வயதோடு கதவு மூடிவிடுகிறது என்பது போலப் பேசுகிறோம். பிறகு பிடிக்கவே முடியாதா? ஐந்து வயதில் நிறையப் பேர் சிவப்பிலிருந்து வெளியே வருவதாகப் புள்ளிவிவரம் இருக்கிறதே.

மருதம் – 12 ஆகஸ்ட், காலை 7:50

உங்கள் பெயருக்கேற்ற கேள்வி, ஒரு கணக்கே போட்டுக் காட்டுகிறேன். நான் பார்த்துக்கொண்ட ஊரில் ஒரு பெண் குழந்தை. இரண்டு வயதில் 79 செ.மீ., நடுக்கோடு 86.4. இடைவெளி 7.4. சிவப்புக் கோடு 80, ஆகவே சிவப்பில் இருந்தாள். ஐந்து வயதில் 100.4. நடுக்கோடு 109.4, சிவப்புக் கோடு 99.9. சிவப்பை விட்டு வெளியே வந்துவிட்டாள், பதிவேட்டில் "தேறிவிட்டாள்" என்று எழுதுவோம். இடைவெளி? 9 செ.மீ. ஆகக் கூடியிருக்கிறது. வயது ஏற ஏற இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரமும் அகலமாவதால் வருகிற தோற்றம் அது. பிடித்துவிட்டார்கள் என்ற செய்தியைப் படிக்கும்போது, கோட்டைத் தாண்டினார்களா, செ.மீ. குறைந்ததா என்று கேளுங்கள்.

நிஜமான பிடிப்பும் இருக்கிறது. கெனெபாவிலேயே பையன்கள் தாமதமாகப் பருவமடைந்து, இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்து, கொஞ்சம் ஈடு கட்டுகிறார்கள். ஆனால் சூழ்நிலை திடீரென்று மாறினால் வேறு மாதிரி ஆகிறது. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன பெண் குழந்தைகள் அங்கே போனதும் கடகடவென்று வளர்ந்தார்கள். சரியாகப் போகிறது என்று நினைக்கும்போது சராசரியாக பதினொன்றரை வயதில் பூப்படைந்துவிட்டார்கள், அதோடு எலும்பு முனைகள் மூட ஆரம்பித்து, முடிவில் சராசரி 154 செ.மீ.யில் நின்றார்கள். பிற்காலத்துச் சாப்பாடு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பள்ளி மதிய உணவு படிப்புக்கும் இரத்தத்துக்கும் வேண்டும். உயரத்துக்கு மட்டும் அது தாமதம்.

ரவி – 12 ஆகஸ்ட், காலை 11:25

குட்டையாக இருந்தால்தான் என்ன நஷ்டம்? 150 செ.மீ. பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் நன்றாக வாழ்கிறார்கள்.

மலையகத்தான் – 12 ஆகஸ்ட், மதியம் 1:00

உயரம் போனதோடு நின்றால் பரவாயில்லை ரவி அண்ணன். எலும்பு நின்ற அதே மாதங்களில் மூளையும் வளர்ந்துகொண்டுதானே இருந்திருக்கும்? நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் எழுத்துக் கூட்டத் தடுமாறினேன்.

மருதம் – 12 ஆகஸ்ட், இரவு 8:45

மலையகத்தான் தொட்ட இடம்தான் முக்கியம். ரவி, குட்டையாக இருப்பது நோய் இல்லை, உயரம் கூடினால் மட்டும் யாருக்கும் எதுவும் கிடைத்துவிடாது. அந்தக் குவாத்தமாலா ஊர்களுக்குப் பல வருடம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். முதல் இரண்டு வயதில் கூழ் குடித்த ஆண்கள், வளர்ந்த பிறகு மணிக்குச் சம்பாதித்தது மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிகம். கூலி கூடியது அந்த 2.5 செ.மீ.யால் இல்லை. நாம் அளக்க முடிந்தது நீளம், அதனால் நீளத்தைப் பார்க்கிறோம். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு, 145 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பிரசவம் சிக்கலாவதற்கு வாய்ப்பு அதிகம்.

நந்தினி, இனி செய்ய வேண்டியது. மகளுக்கு வயிறு சரியில்லாதபோது தாய்ப்பாலும் சாப்பாடும் நிறுத்தக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி இரண்டாம் நாளே நின்றாலும் 14 நாள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதல் சாப்பாடு. மாமியாரிடம் பத்தியத்தை எதிர்த்து வாதாட வேண்டாம். கஞ்சியைத் தொடரட்டும், அதில் வேக வைத்த பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயும் ஒரு முட்டையும் கரைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பாட்டிமார்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்துப் படுக்க வைத்து அளந்து இங்கே எழுதுங்கள். தலையைப் பலகையில் ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முழங்காலை அமுக்க வேண்டும், தனியாக அளந்தால் ஒரு செ.மீ. பிசகும்.

நந்தினி – 7 நவம்பர், இரவு 9:15

அக்கா, 21 மாதம் முடிந்தது. வேறு அங்கன்வாடியில் நல்ல பலகை இருக்கிறது, அங்கே போய்ப் படுக்க வைத்து அளந்தோம், 78.2. நடுவில் ஒரு தடவை பேதி வந்தது. கஞ்சியில் முட்டை கரைத்ததை மாமியாரே ஊட்டினார். இது முன்னேற்றமா?

கணக்கன் – 7 நவம்பர், இரவு 10:02

21 மாத நடுக்கோடு 83.7. இடைவெளி 5.5. ஆகஸ்டில் 5.7. குறைந்திருக்கிறது!

மருதம் – 8 நவம்பர், காலை 6:20

கணக்கன், 0.2 செ.மீ.யைக் கொண்டாட முடியாது. நல்ல பலகையில், இரண்டு பேர் சேர்ந்து அளந்தாலும் அரை செ.மீ. வித்தியாசம் வரும். ஆகஸ்ட் அளவு வேறு, நிற்க வைத்து எடுத்து நாம் கூட்டிக்கொண்டது.

ஆனால் நந்தினி, இதைப் பாருங்கள். 6 மாதத்திலிருந்து 18 மாதம் வரைக்கும் ஒவ்வொரு மூன்று மாதத்திலும் அவள் ஒரு செ.மீ.க்கு மேல் இழந்துகொண்டிருந்தாள். இந்த மூன்று மாதத்தில், நடுவில் ஒரு பேதி வந்தும், 3.2 வளர்ந்திருக்கிறாள். நடுக்கோடு வளர்ந்தது 3.0. இறக்கம் நின்றிருக்கிறது, அவ்வளவு சொல்ல முடியும். விட்டதைப் பிடிக்க ஆரம்பித்தாளா என்பது 24 மாத அளவில்தான் தெரியும். அதே பலகை, அதே இரண்டு பேர், முடிந்தால் அதே காலை நேரம். 24-ல் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இரண்டு அளவும் எடுத்து, எது எது என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அங்கேதான் அட்டை படுக்கை அளவிலிருந்து நிற்கும் அளவுக்கு மாறுகிறது, எழுதாவிட்டால் பிறகு பார்க்கிறவர் 0.7-ஐத் தொலைத்துவிடுவார்.